தைராய்டு நார்மல், ஆன்டிபாடி பாசிட்டிவ்: மாத்திரை வேண்டுமா?

கருத்தரிப்பு ஆலோசனைக்கு வரும் பெண்களின் கோப்புகளில் இப்போது அடிக்கடி தென்படும் ஒரு ரிப்போர்ட் இது. டி.எஸ்.ஹெச். 1.8. தைராய்டு நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்கு இரண்டு வரி கீழே ஆன்டி டி.பி.ஓ. 412 என்று தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே "இயல்பு அளவு: 34-க்குக் கீழ்" என்றும் போட்டிருக்கும். அந்தப் பெண்ணுக்கு வயது 30 என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை எட்டாவது வாரத்தில் கரு கலைந்திருக்கிறது. மறுபடி முயற்சி செய்வதற்கு முன் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று எடுத்த பரிசோதனை இது.

அன்றிரவே கைப்பேசியில் தேடிப் பார்க்கிறார். "தைராய்டு ஆன்டிபாடி இருந்தால் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு" என்று ஓரிடத்தில் இருக்கிறது. இன்னோரிடத்தில் மும்மடங்கு என்று இருக்கிறது. மறுநாள் டாக்டரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இதனாலதான் போன தடவை கலைஞ்சுதா டாக்டர்?" இரண்டாவது கேள்வி, "மாத்திரை போட்டா சரியாயிடுமா?"

இந்த இரண்டும் ஒரே கேள்விபோலத் தோன்றும். உண்மையில் வெவ்வேறு கேள்விகள். மருத்துவ உலகமே இந்த வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிக்க அயோடின் வேண்டும். அந்த அயோடினைப் பிடித்துப் புரதத்தில் கோத்துவிடும் வேலையைச் செய்யும் என்சைமின் பெயர் தைராய்டு பெராக்சிடேஸ், சுருக்கமாக டி.பி.ஓ. சிலரின் நோய் எதிர்ப்பு மண்டலம் இந்த என்சைமை அந்நியப் பொருளாக நினைத்து அதற்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-ல் விவரித்த தைராய்டு நோயின் அடையாளமும் இதே ஆன்டிபாடிதான். ஆனால் ஆன்டிபாடி உள்ள எல்லோருக்கும் அந்த நோய் முற்றிவிடுவதில்லை. பல பெண்களுக்குச் சுரப்பி வருடக்கணக்கில் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இந்த ஆன்டிபாடி இருக்கிறது. பரிசோதனை செய்யாதவரை அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

இதற்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது தற்செயலாகத்தான் வெளிவந்தது. நியூயார்க்கில் அலெக்ஸ் ஸ்டாக்னாரோ-கிரீன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் வேறொரு விஷயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்குத் தைராய்டு வீக்கம் ஏன் வருகிறது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதற்காகக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் 552 பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆன்டிபாடி இல்லாத பெண்களில் 8.4 சதவீதம் பேருக்குக் கரு கலைந்தது. ஆன்டிபாடி உள்ளவர்களில் 17 சதவீதம் பேருக்குக் கலைந்தது. தாயின் வயது, தைராய்டு ஹார்மோன் அளவு, முந்தைய பிரசவ வரலாறு என்று எதை வைத்துப் பார்த்தும் அந்த வித்தியாசத்துக்கு விளக்கம் கிடைக்கவில்லை. 1990-ல் இந்த முடிவு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது.

அதற்குப் பிறகு பல நாடுகளில் இதே மாதிரியான முடிவுகள் வந்தன. 2011-ல் ஷகீலா தங்கரத்தினமும் அவருடைய சகாக்களும் லண்டனிலிருந்து பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான பெண்களை உள்ளடக்கிய 31 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடர்பு உண்டு என்பது அதில் உறுதியானது. கைப்பேசியில் வரும் "மும்மடங்கு" போன்ற எண்களெல்லாம் பெரும்பாலும் இந்த வகைத் தொகுப்புகளிலிருந்து கிளம்பியவைதான்.

சரி, தொடர்பு உண்டு. ஆனால் எப்படி? இங்கேதான் சர்ச்சை தொடங்குகிறது. இதற்கு மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன.

முதல் விளக்கம், சுரப்பியில் கையிருப்பு போதவில்லை என்பது. கர்ப்பம் தரித்ததும் தாயின் உடலுக்குத் தைராய்டு ஹார்மோன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகத் தேவைப்படுகிறது. முதல் சில மாதங்களுக்குக் கருவுக்கான ஹார்மோனும் தாயிடமிருந்துதான் போகவேண்டும். கர்ப்பத்தில் சுரக்கும் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் தைராய்டையும் சேர்த்துத் தூண்டிவிடும். அதனால் ஆரோக்கியமான பெண்ணுக்கு முதல் மூன்று மாதங்களில் டி.எஸ்.ஹெச். சற்று இறங்கும். ஆன்டிபாடி உள்ளவர்களின் சுரப்பி இந்தத் தூண்டுதலுக்கு அவ்வளவாக எழுந்து வருவதில்லை. சாதாரண நாளில் நார்மலாக இருப்பது, தேவை கூடும்போது திணறலாம்.

இரண்டாவது விளக்கம், ஆன்டிபாடி வெறும் அடையாளம் என்பது. எதிர்ப்பு மண்டலத்தில் வேறெங்கோ ஒரு கோளாறு இருக்கிறது. கருவைப் பாதிப்பது அதுதான். அதன் ஒரு வெளிப்பாடாக ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி தெரிகிறது. மூன்றாவது விளக்கம் மிகவும் எளிமையானது. ஆன்டிபாடி உள்ள பெண்களின் சராசரி வயது மற்றவர்களைவிட ஒரு வருடத்துக்கும் குறைவான அளவில் கூடுதலாக இருப்பதைச் சில தொகுப்பாய்வுகள் காட்டின. அவர்களின் டி.எஸ்.ஹெச்.சும் இயல்புக்குள்ளேயே சற்று மேலே இருந்தது. வயது கூடக்கூடக் கருச்சிதைவும் கூடும். வித்தியாசத்தில் ஒரு பகுதி இதிலிருந்தும் வந்திருக்கலாம்.

முதல் விளக்கம் சரியென்றால் தீர்வு சுலபம். கையிருப்பு குறைவா? மாத்திரையாகக் கொடுத்து நிரப்பிவிடலாம். லெவோதைராக்சின் மலிவானது, பழகியது, கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியது. 2006-ல் இத்தாலியின் லெச்சே நகரத்து மருத்துவர் ரொபேர்தோ நெக்ரோ இதைச் செய்து பார்த்தார். ஆன்டிபாடி உள்ள 115 கர்ப்பிணிகளில் 57 பேருக்கு மாத்திரை கொடுத்தார், 58 பேருக்குக் கொடுக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், சாப்பிடாதவர்களில் 13.8 சதவீதம் பேருக்கும் கரு கலைந்தது.

சதவீதமாகப் பார்த்தால் பிரமிக்க வைக்கும் வித்தியாசம். ஆளாக எண்ணிப் பார்த்தால் 2 பேருக்கும் 8 பேருக்கும் உள்ள வித்தியாசம். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பெண்கள் முதல்முறை மருத்துவமனைக்கு வந்து மாத்திரையைத் தொடங்கியது சராசரியாகப் பத்தாவது வாரத்தை ஒட்டி. முதல் மூன்று மாதக் கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை அதற்குள் நடந்து முடிந்திருக்கும். அப்படியென்றால் மாத்திரை எதைத் தடுத்தது? விமர்சகர்கள் அப்போதே இதைக் கேட்டார்கள். ஆனால் ஆய்வின் நல்ல செய்தி பரவிய வேகத்தில் இந்தக் கேள்வி பரவவில்லை. உலகமெங்கும் கருத்தரிப்பு மையங்களில் "ஆன்டிபாடி பாசிட்டிவா, 25 போடுங்கள், 50 போடுங்கள்" என்பது வழக்கமாயிற்று.

கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடவேண்டுமானால் கர்ப்பத்துக்கு முன்பே மாத்திரையைத் தொடங்கியாக வேண்டும். ஆயிரக்கணக்கான பெண்களைப் பரிசோதித்தால்தான் ஆன்டிபாடி உள்ள சில நூறு பேர் கிடைப்பார்கள். அந்தக் கடினமான வேலையை எடுத்துக்கொண்டது பிரிட்டன். பர்மிங்ஹாமை மையமாகக் கொண்டு ரிமா திலான்-ஸ்மித், அரி குமாரசாமி ஆகியோர் நடத்திய அந்த ஆய்வின் பெயர் 'டேப்லெட்'. 49 மருத்துவமனைகளில், ஏற்கெனவே கருச்சிதைவு ஏற்பட்ட அல்லது கருத்தரிக்கத் தாமதமாகும் பெண்கள் சுமார் 19,500 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். தைராய்டு இயல்பாக இருந்து, டி.பி.ஓ. ஆன்டிபாடி மட்டும் உள்ள 952 பேர் தேர்வானார்கள். பாதிப் பேருக்கு தினம் 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின். மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது போகிறது என்பது மருத்துவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. கருத்தரிக்கும் முன்பே தொடங்கிப் பிரசவம் வரை தொடர்ந்தார்கள்.

2019-ல் முடிவு வெளியானது. மாத்திரை சாப்பிட்ட 470 பேரில் 176 பேர் 34 வாரத்தைக் கடந்து உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள். மருந்தில்லா மாத்திரை சாப்பிட்ட 470 பேரில் 178 பேர் பெற்றார்கள். கருத்தரித்தவர்களில் கரு கலைந்தவர்களின் விகிதமும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு பக்கம் 28.2 சதவீதம், இன்னொரு பக்கம் 29.6 சதவீதம்.

இந்த 28, 29 என்ற எண்களைப் பார்த்துப் பதற்றப்பட வேண்டாம். இவர்கள் முன்பே கருவை இழந்தவர்கள் அல்லது கருத்தரிக்கச் சிரமப்பட்டவர்கள். பொதுவாகவே இவர்களுக்கு அந்த விகிதம் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆய்வில் இருந்த இரண்டு பிரிவிலும் எல்லோருக்கும் ஆன்டிபாடி இருந்தது. ஆகவே ஆன்டிபாடியால் அபாயம் கூடுகிறதா என்ற கேள்விக்கு இந்த ஆய்வு பதில் சொல்லவில்லை. அபாயம் எதுவாக இருந்தாலும் இந்த மாத்திரை அதை மாற்றுகிறதா என்ற கேள்விக்குத்தான் பதில் சொன்னது. மாற்றவில்லை என்பதுதான் அந்தப் பதில். ஆலோசனை அறையில் கேட்கப்பட்ட அந்த இரண்டு கேள்விகளும் பிரிந்துபோவது இந்த இடத்தில்தான்.

இந்த முடிவு தனித்தும் நிற்கவில்லை. 2017-ல் பெய்ஜிங்கில் ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு வந்த, ஆன்டிபாடி உள்ள 600 பெண்களிடம் இதையே செய்து பார்த்தார்கள். கருச்சிதைவு விகிதம் இரு பிரிவிலும் பத்து சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 2022-ல் நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க் மருத்துவமனைகள் சேர்ந்து, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கருவை இழந்த 187 பெண்களிடம் சோதித்தன. குழந்தை பெற்றவர்கள் மாத்திரைப் பிரிவில் 50 சதவீதம், மற்றதில் 48 சதவீதம். இந்தக் கடைசி ஆய்வு சிறியது. திட்டமிட்ட எண்ணிக்கையில் பெண்கள் கிடைக்காமல் முன்கூட்டியே முடிக்கப்பட்டது. ஆகவே அதை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கை மூடிவிட முடியாது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது மாத்திரையின் பக்கம் நிற்பது கடினம்.

2016-ல் இன்னொரு ஆய்வும் வந்திருந்தது. டி.எஸ்.ஹெச். 2.5-க்குக் கீழே உள்ள, ஆன்டிபாடி பாசிட்டிவ் கர்ப்பிணிகளுக்கு மாத்திரையால் பலனில்லை என்று சொன்ன அந்த ஆய்வின் ஆசிரியர் பட்டியலில் நெக்ரோவும் இருந்தார், ஸ்டாக்னாரோ-கிரீனும் இருந்தார். நம்பிக்கையைத் தொடங்கிவைத்த இருவரே சேர்ந்து அதைச் சோதித்து, பலனில்லை என்று அச்சிட்டுச் சொன்னார்கள். மருத்துவத்தில் அடிக்கடி காணக் கிடைக்காத காட்சி.

இதற்கு எதிர்வாதமே இல்லையா? உண்டு. 'டேப்லெட்' ஆய்வில் ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் ஒரே 50 மைக்ரோகிராம்தான் கொடுக்கப்பட்டது. எடைக்கேற்பக் கொடுத்திருந்தால் பலன் தெரிந்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். ஐரோப்பிய ஆய்வில் எடைக்கேற்பத்தான் கொடுத்தார்கள். அப்படியும் பலன் தெரியவில்லை. டி.எஸ்.ஹெச். 2.5-க்கும் 4-க்கும் நடுவே இருப்பவர்களின் கதை தனி என்பது இன்னொரு வாதம். இந்த வாதம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. 2017-ல் அமெரிக்கத் தைராய்டு சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், முன்பு கருவை இழந்த, ஆன்டிபாடி உள்ள பெண்ணுக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று இடம் விட்டிருந்தது. 'டேப்லெட்'டுக்குப் பிறகு வந்த ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும், பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரியின் வழிகாட்டுதலும் தைராய்டு இயல்பாக உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையைப் பரிந்துரைக்கவில்லை. ஒரு டாக்டர் எழுதிக் கொடுப்பதும் இன்னொரு டாக்டர் நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். பெரும்பாலும் இருவரும் படித்த வழிகாட்டுதலின் ஆண்டு வேறாக இருக்கும்.

"சின்ன மாத்திரைதானே, போட்டால் என்ன கெட்டுவிடும்?" என்பது ஆலோசனை அறைகளில் அடிக்கடி கேட்கும் சமாதானம். பெரிய கெடுதல் எதுவும் ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆரோக்கியமான ஒரு பெண் தினமும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கி, அரை மணி நேரம் காபிக்குக் காத்திருந்து, 'தைராய்டு நோயாளி' என்ற பெயரோடு வாழத் தொடங்குகிறாள். அளவு கூடினால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். எல்லாவற்றையும்விட, காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் வேறு காரணங்களைத் தேடாமல் விட்டுவிடும் ஆபத்து உண்டு. தொடக்க காலக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அதற்கும் தாயின் தைராய்டுக்கும் சம்பந்தமில்லை. எட்டாவது வாரத்தில் ஒருமுறை கரு கலைந்த பெண்ணிடம், "இதனால்தான் கலைந்தது" என்று ஆன்டிபாடியைச் சுட்டிக்காட்ட எந்த மருத்துவராலும் முடியாது.

அப்படியானால் அந்த 412-ஐப் பார்த்துவிட்டு ஒன்றுமே செய்ய வேண்டாமா? செய்ய வேண்டியது இருக்கிறது. ஆன்டிபாடி சொல்லும் உபயோகமான செய்தி ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சுரப்பி கர்ப்பச் சுமையில் தளரலாம், கண் வைத்திருங்கள்.

அதே பெண்ணையே எடுத்துக்கொள்வோம். இப்போது டி.எஸ்.ஹெச். 1.8, மாத்திரை தேவையில்லை. வழக்கம்போல ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டு முயற்சி செய்யலாம். மாதவிடாய் தள்ளிப்போய் கர்ப்பம் உறுதியான அந்த வாரமே டி.எஸ்.ஹெச். பார்க்க வேண்டும். முதல் ஸ்கேனுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடக்கூடாது. ஐந்தாவது வாரத்தில் 2.1 வருகிறது என்று வைத்துக்கொள்வோம், கவலை இல்லை. அதன் பிறகு கர்ப்பத்தின் பாதி வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஒன்பதாவது வாரத்தில் 3.2 வருகிறது. சாதாரணமாக இறங்கவேண்டிய நேரத்தில் ஏறியிருக்கிறது. சுரப்பி தூண்டுதலுக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதன் அறிகுறி இது. சில டாக்டர்கள் இங்கேயே சிறிய அளவில் தொடங்குவார்கள், சிலர் அடுத்த பரிசோதனைவரை பொறுப்பார்கள், இரண்டிலும் தவறில்லை. பதின்மூன்றாவது வாரத்தில் 4.7 வந்தால் விவாதமே இல்லை. அது கர்ப்பத்துக்கான உச்ச அளவைத் தாண்டிவிட்டது, ஆன்டிபாடியும் இருக்கிறது, லெவோதைராக்சின் கொடுத்தே ஆக வேண்டும். நான்கு பரிசோதனையிலும் 2 சொச்சத்திலேயே நின்றால், பிரசவம் வரை அவருக்கு அந்த மாத்திரையே தேவைப்படாமலும் போகலாம்.

இந்த வழியில் ஆன்டிபாடியை மறுபடி மறுபடி பரிசோதிக்க எந்த அவசியமும் இல்லை. 412 என்பது 300 ஆனாலும் 700 ஆனாலும் சிகிச்சை மாறாது. கர்ப்பத்தில் அது தானாகவே இறங்கும், பிரசவத்துக்குப் பிறகு தானாகவே ஏறும். போதாததற்கு, ஒவ்வொரு லேப் பயன்படுத்தும் கருவிக்கும் இயல்பு அளவு வேறு. ஓரிடத்தில் 34-க்குக் கீழ், இன்னோரிடத்தில் 60-க்குக் கீழ், மற்றோரிடத்தில் 10-க்கும் கீழ். இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அழுவது வீண். ஆன்டிபாடியைக் குறைக்கிறோம் என்று செலினியம், ஸ்டீராய்டு, விலை உயர்ந்த இம்யூனோகுளோபுலின் ஊசி என்று எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. கருச்சிதைவைத் தடுக்க அவை உதவும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஊசிக்காக நகையை அடகு வைக்குமுன் இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஒரு சின்ன எச்சரிக்கை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பெண்கள் இப்போது நிறையப் பேர். அதிக அளவு பயோட்டின் சில கருவிகளில் டி.எஸ்.ஹெச்.சைப் பொய்யாகக் குறைத்தும், ஆன்டிபாடியைப் பொய்யாகக் கூட்டியும் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்தி, லேபிலும் சொல்லிவிட வேண்டும்.

இதுவரை சொன்னது முழுக்கத் தைராய்டு இயல்பாக வேலை செய்யும் பெண்களுக்கு மட்டும். டி.எஸ்.ஹெச். கூடியதால் ஏற்கெனவே லெவோதைராக்சின் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. அவர்களுக்குக் கர்ப்பத்தில் அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும்.

குழந்தை பிறந்ததோடு ஆன்டிபாடியின் கதை முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்டாக்னாரோ-கிரீன் முதலில் தேடிப் போனது இதைத்தான். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஆன்டிபாடி இருந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேருக்குப் பிரசவமான ஒரு வருடத்துக்குள் தைராய்டு வீக்கம் வருகிறது. முதலில் படபடப்பும் எரிச்சலும், பிறகு அசதியும் மனச்சோர்வும் என்று அது வரும்போது, வீட்டில் "பிள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஆகவே இப்போது எடுத்த அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறையும், ஆறாவது மாதத்தில் ஒருமுறையும் டி.எஸ்.ஹெச். பார்க்கச் சொல்லி உங்கள் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.